பை மூடினால் பழுக்கும், இறுக்கிக் கட்டினால் அவியும்

"பச்சையாக இருக்கும் மோரிஸ் வாழைச் சீப்பையும் செங்காய்த் தக்காளியையும் பையில் போட்டு மூடி வைத்தால் ஏன் சீக்கிரம் பழுக்கிறது? ஈரோட்டில் சித்திரை வெயிலில் அப்படி வைத்தால் வாழைக்குத் தோல் பச்சையாகவே இருக்க, உள்ளே கொழகொழவென்று ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?"

பைக்குள் சூடு ஏறுவதால்தான் காய் பழுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பை சூட்டைச் சேர்ப்பதில்லை, காய் விடும் எத்திலீன் வாயுவைத்தான் சேர்த்து வைக்கிறது. சூடு உண்மையில் உங்கள் எதிரி.

வாழையும் தக்காளியும் முற்றிய பிறகு தாமே எத்திலீனை உண்டாக்கும். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, ஏசிசி என்ற இடைப்பொருள் வழியாக அது எத்திலீனாகிறது. இந்தக் கடைசிப் படிக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். இதை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும். காயின் செல்களில் எத்திலீனை உணரும் ஏற்பிகள் உண்டு. வாயு இல்லாதபோது அவை சும்மா இருப்பதில்லை, 'பழுக்காதே' என்ற கட்டளையை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. எத்திலீன் வந்து ஏற்பியில் உள்ள செம்பு அணுவோடு ஒட்டியதும் அந்தக் கட்டளை நின்றுவிடும். உடனே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளும், செல்சுவரைக் கரைத்துக் காயை மெத்தென்று ஆக்கும் நொதிகளும், பச்சையத்தைச் சிதைக்கும் நொதிகளும் வேலையைத் தொடங்கும். கூடவே எத்திலீனை உண்டாக்கும் நொதிகளும் பெருகும். அதாவது எத்திலீன் மேலும் எத்திலீனை வரவழைக்கும். ஒருமுறை இந்தச் சுற்று ஓடத் தொடங்கிவிட்டால், பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தாலும் பழுப்பது நிற்காது.

இப்போது உங்கள் சீப்பையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 காய், ஒன்றரைக் கிலோ என்று கொள்வோம். அதோடு நன்றாகப் பழுத்த வாழைப்பழம் இரண்டு, 200 கிராம். பையில் மிச்சமிருக்கும் காற்று 4 லிட்டர். பழுக்கும் வாழை 20 டிகிரியில் கிலோவுக்கு மணிக்குச் சுமார் 5 மைக்ரோலிட்டர் எத்திலீன் விடும். நம் இரண்டு பழமும் சேர்ந்து மணிக்கு 1 மைக்ரோலிட்டர். அது 4 லிட்டர் காற்றில் கலந்தால், பத்து லட்சம் பங்கு காற்றில் கால் பங்கு. கேட்கச் சொற்பமாகத் தெரியும். ஆனால் முற்றிய வாழைக்காயைத் தூண்ட, பத்து லட்சத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஒரு பங்கு வரை இருந்தாலே போதும். ஆகவே வாயு பாதி கசிந்து போனாலும் சில மணி நேரத்தில் தேவையான அளவு சேர்ந்துவிடும். திறந்த தட்டில் வைத்தால் காற்றோட்டம் அதை அவ்வப்போது அள்ளிக்கொண்டு போய்விடும். பையின் பயன் இவ்வளவுதான்.

அதே பையில் இன்னொன்றும் நடக்கிறது. காய் மூச்சு விடுகிறது. 20 டிகிரியில் ஒரு கிலோ வாழை மணிக்குக் குறைந்தது 20 மில்லிலிட்டர் அளவுக்குக் கரியமில வாயு விடும் என்று வைத்தால், ஒன்றரைக் கிலோவுக்கு 30 மில்லிலிட்டர். கெட்டிப் பிளாஸ்டிக் கவரை முடிச்சுப் போட்டுக் கட்டினால், ஒன்றரை மணி நேரத்துக்குள் உள்ளே கரியமில வாயு 1 சதவீதத்தைத் தாண்டிவிடும். பழுக்க வைக்கும் கூடங்களில் இந்த 1 சதவீதத்தைத் தாண்ட விடாமல் அவ்வப்போது கதவைத் திறந்து காற்றை மாற்றுவார்கள். அரை நாளில் அது 9 சதவீதம்வரை போகலாம், ஆக்சிஜனும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். கரியமில வாயு கூடினால் எத்திலீனின் வேலை தடைபடும். ஆக்சிஜன் குறைந்தால் எத்திலீன் உருவாவதே நிற்கும், காயும் புளிக்கத் தொடங்கும். ஈரோட்டின் 38 டிகிரியில் மூச்சு இன்னும் வேகமாக ஓடும் என்பதால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

உங்கள் சீப்பில் நடந்தது எது என்று முகர்ந்தே கண்டுபிடிக்கலாம். சாராய நெடியோ புளித்த வாடையோ அடித்து, சதை நீர்த்துப் போயிருந்தால் காற்று போதவில்லை. சதை இனிப்பாக, மெத்தென்று இருந்து தோல் மட்டும் பச்சையாக நின்றால் அது சூட்டின் வேலை. மோரிஸ், ஜி9 போன்ற கேவண்டிஷ் வகைகளின் தோலில் சுமார் 24 டிகிரிக்கு மேல் பச்சையம் முழுதாகச் சிதையாது, ஆனால் உள்ளே மாவு சர்க்கரையாவது நிற்காது. அதனால் தோலைப் பார்த்து 'இன்னும் காய்தான்' என்று காத்திருப்பவர்களுக்குக் கொழகொழத்த பழமே கிடைக்கும். வெயில் காலத்தில் இந்த வகைகளைக் காம்புப் பக்கம் லேசாக அழுத்திப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கூடங்களில் வாழையை 16 முதல் 18 டிகிரியில் வைத்து, எத்திலீனை 100 பிபிஎம் அளவில், அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு, ஒரு நாள் மட்டும் விடுவது இதனால்தான். வீட்டில் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. ஆனால் கோடையில் வீட்டிலேயே குளிர்ந்த இடம், அநேகமாக வடக்குப் பக்க அறையின் தரை, அதைத் தேர்ந்தெடுக்கலாம். அடுப்படி அட்டாலியும் ஓட்டுக்கு அடியும் வேண்டவே வேண்டாம். சாயங்காலம் தொடங்குங்கள், முதல் பன்னிரண்டு மணி நேரம் இரவாகவே போகும். சீப்பைக் கழுவியிருந்தால் ஈரம் போகத் துடைத்து, இரண்டு பழுத்த பழத்தோடு காகிதப் பையில் போட்டு வாயை இரண்டு மடிப்பு மடித்தால் போதும். காகிதம் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கவரில் பென்சில் நுழையும் அளவுக்கு எட்டுப் பத்து ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் சாயங்காலம் பையைத் திறந்து காய்களைப் பரப்பி வைத்துவிடுங்கள். சுற்று ஓடத் தொடங்கியிருக்கும், இனிப் பை தேவையில்லை. டிசம்பர் மாதக் கோவையில் இரண்டு நாள் மூடி வைத்தாலும் ஒன்றும் ஆகாது.

முற்றாத காயை எந்தப் பையும் காப்பாற்றாது. வாழையில் பட்டைக் கோணங்கள் மழுங்கி உருண்டிருக்க வேண்டும். தக்காளியில் முழுப் பச்சைக் காய் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கொழகொழப்பான சதை திரண்டு, விதைகள் கத்திக்கு வழுக்கி விலகினால் அந்தக் கூடைக் காய் பழுக்கும். விதையே வெட்டுப்பட்டால் அது பிஞ்சு, பையில் சுருங்குமே தவிரச் சுவையாகப் பழுக்காது. கிணத்துக்கடவு, உடுமலைச் சந்தைகளில் வாங்கும்போது அடிமுனையில் லேசாக நிறம் திரும்பிய காயாகப் பார்த்து எடுத்தால் இந்தச் சோதனையே வேண்டாம். அந்தக் காயில் எத்திலீன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

தக்காளிக்கும் சூடு ஆகாது. 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, காய் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ நின்றுவிடும். அதற்காகப் பச்சைக் காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்த காய் பிறகு வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. வாழையும் அந்தக் குளிரில் தோல் கறுத்துவிடும்.

அடிபட்ட, அழுகத் தொடங்கிய பழத்தைத் தூண்டுபழமாகப் போடாதீர்கள். அதுவும் எத்திலீன் நிறைய விடும்தான், ஆனால் கூடவே பூஞ்சையும் பரவும், பையின் ஈரத்தில் இரண்டே நாளில் சீப்புக் காம்பெல்லாம் கறுத்து உதிரும். பை இருக்கும் மூலையில் கீரைக் கட்டு, கொத்தமல்லித்தழை, கறிவேப்பிலை எதையும் வைக்காதீர்கள். கசியும் எத்திலீன் அவற்றின் இலையை மஞ்சளாக்கி உதிர்த்துவிடும்.