தொழுகைக்குப் பின் திக்ரு: எண்ணிக்கை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பர்ளு தொழுதபின் ஓதும் தஸ்பீஹ் மொத்தம் 99ஆ, 100ஆ? எங்கள் வீட்டிலேயே ஆளுக்கொரு கணக்கு.

நூறுதான், ஆனால் நூறை நிறைக்க இரண்டு வழி இருக்கிறது. இரண்டும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகின்றன. அபூஹுரைரா (ரலி) அறிவிப்பில் சுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹு அக்பர் மூன்றும் 33 தடவை. நூறாவதாக "லா இலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு லா ஷரீக லஹு" என்று தொடங்கி "கதீர்" என்று முடியும் கலிமா. கஅப் இப்னு உஜ்ரா (ரலி) அறிவிப்பில் தக்பீர் 34, அத்தோடு நூறு முடிந்துவிடும். பலர் 34 தக்பீரையும் ஓதி, கலிமாவையும் சேர்த்து 101 ஆக்கிவிடுகிறார்கள். ஒரு தொழுகைக்கு ஒரு முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லுஹர் தொழுததும் வேலைக்கு ஓட வேண்டும். வேகமாக 33ஐ முடிக்கிறேன், பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது.

அப்படி 33 ஓதுவதைவிடத் தெளிவாகப் பத்து ஓதுங்கள். அதுவும் நபிவழிதான். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அறிவிப்பில் ஒவ்வொன்றும் பத்து; தொழுகைக்கு 30, ஐந்து வேளைக்கு 150. நன்மை பத்து மடங்கு என்பதால் மீஸானில் அது 1500 என்று நபி (ஸல்) அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். படுக்கப்போகும்போது ஓதும் நூறு, தராசில் ஆயிரம். இரண்டும் சேர்ந்து 2500.

வேகம் எங்கே கெடுக்கிறது என்பதைக் காதால் பிடிக்கலாம். "சுப்ஹானல்லாஹ்" என்பது "சுபானல்லா" என்று ஒலித்தால் நடுவிலுள்ள ஹாவும் கடைசி ஹாவும் போய்விட்டன. "அக்பர்" என்பதை "அக்பார்" என்று இழுத்தால் அரபியில் அது முரசுகளைக் குறிக்கும் சொல்லாகிவிடும். தமிழ் எழுத்தைப் பார்த்து ஓதுவோருக்கு இன்னொரு சிக்கல்: அரபியின் இரண்டு ஹாக்களுக்கும் நம்மிடம் ஒரே "ஹ"தான். அல்ஹம்துவில் வருவது தொண்டையின் நடுவிலிருந்து உராய்ந்து வரும் ஹா. எழுத்தை நம்பாமல் ஓதத் தெரிந்தவரிடம் ஒருமுறை ஓதிக் காட்டுவது நல்லது.

கேள்வி: மணி இல்லாவிட்டால் இருபதுக்கு மேல் எண்ணிக்கை மறந்துவிடுகிறது. ஸஜ்தா ஸஹ்வு செய்யணுமா?

வேண்டாம். அது தொழுகைக்குள் நேரும் மறதிக்கு. நீங்கள் ஸலாம் கொடுத்து முடித்துவிட்டீர்கள். உறுதியாக நினைவிருக்கும் குறைந்த எண்ணிலிருந்து தொடருங்கள். ஒன்றிரண்டு கூடினால் குற்றமில்லை.

எண்ணுவதற்கு விரல் போதும். விரலுக்கு மூன்று இடம். கட்டைவிரலில் நுனியையும் சேர்த்தால் அதற்கும் மூன்று. ஒரு கைக்கு 15, இரண்டு சுற்றுக்கு 30, பிறகு சுண்டுவிரலில் மட்டும் மூன்று: 33. விரல்களால் எண்ணச் சொன்ன நபிமொழியில், அவை மறுமையில் விசாரிக்கப்பட்டுப் பேசவைக்கப்படும் என்று காரணமும் வருகிறது. மணியைப் பல அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள், சிலர் விரும்புவதில்லை. என் பார்வையில், கை மணியை உருட்ட வாய் வேறு பேசுவதுதான் அதிலுள்ள ஆபத்து.

கேள்வி: "யா லத்தீஃப்" 129 தடவை என்று ஹதீஸில் இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் பலன் போய்விடுமாமே?

129 என்ற எண் ஹதீஸிலிருந்து வரவில்லை, அப்ஜத் கணக்கிலிருந்து வருகிறது. அதில் ஒவ்வோர் அரபி எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. லாம் 30, தா 9, யா 10, ஃபா 80, கூட்டினால் 129. இதே முறையில் "அல்லாஹ்" 66 வரும். ஆனால் "அல்லத்தீஃப்" என்று எழுதினால் அலிஃபும் லாமும் சேர்ந்து 31 கூடி 160 ஆகிவிடும். எழுதும் விதத்தில் மாறும் எண்ணுக்கு "ஒன்று குறைந்தால் பலனில்லை" என்ற நிபந்தனை எப்படிப் பொருந்தும்? ஓதுவோர் தங்களுக்கு ஓர் ஒழுங்காக இதை வைத்துக்கொள்வது வேறு, நபி (ஸல்) சொன்னதாகச் சொல்வது வேறு. இரண்டாவது பெரிய பிழை.

கேள்வி: அப்படியானால் அல்லாஹ்வின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லவே கூடாது என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. எண்ணுக்கு ஆதாரம் இல்லை என்றேன், பெயரைச் சொல்வதற்கு அல்ல. "அல்லாஹ், அல்லாஹ்" என்று தனிப்பெயரை மட்டும் ஓதுவதில் கருத்து வேறுபாடு உண்டு. தனிப்பெயர் முழு வாக்கியம் ஆகாது, நபிவழியில் திக்ருகள் பொருள் முடிந்த வாக்கியங்களாகவே வருகின்றன என்பது இப்னு தைமிய்யாவின் வாதம். தரீக்காக்களின் ஷெய்குமார்கள் "உம் இறைவனின் பெயரை நினைவுகூர்வீராக" என்ற 73:8 வசனத்தைக் காட்டுகிறார்கள். இது இன்னும் தீரவில்லை. இரு தரப்பும் மறுக்காத வழி, பெயரோடு தேவையையும் சேர்ப்பது: "யா லத்தீஃப், என் காரியத்தை இலேசாக்கு." 7:180 "அவற்றைக் கொண்டு அவனை அழையுங்கள்" என்றுதான் சொல்கிறது.

கேள்வி: மாதவிடாய் நாட்களில் தொழுகை இல்லை. அதனால் தஸ்பீஹும் விட்டுப்போகிறது, பிறகு பழக்கத்துக்கு வர ஒரு வாரம் ஆகிறது.

தொழுகையை ஒட்டிய தஸ்பீஹ்தான் உங்களுக்கு அந்த நாட்களில் வராது. படுக்கும்போது ஓதும் 33, 33, 34 தொழுகையைச் சார்ந்தது அல்ல. ஃபாத்திமா (ரலி) வீட்டு வேலைக்குப் பணியாள் கேட்டபோது நபி (ஸல்) கற்றுக்கொடுத்தது அதுதான். ஒளு இல்லாமலும், மாதவிடாயின்போதும் ஓதலாம். இரவில் அதை விடாமல் வைத்துக்கொண்டால் பழக்கம் அறுபடாது.