நடுக்கோட்டை அடித்துவிடாதீர்கள்

ஐயா, உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்ஸி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். பாதரச விளக்கின் நிறமாலையில் உள்ள பச்சைக் கோடு காந்தப்புலத்தில் ஒன்பதாகப் பிரியும் என்கிறது பாடப்புத்தகம். கைடில் ‘m = 0-விலிருந்து m = 0-வுக்குத் தாவக்கூடாது’ என்று விதி போட்டிருக்கிறது. அதன்படி எண்ணினால் எட்டுதான். லேபில் பார்த்தால் மூன்றுதான் தெரிகிறது. கணக்குப் போட்டால் எலெக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதமான e/m, 2.2 × 10¹¹ வருகிறது. பழைய ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடு என்கிறார்கள் சீனியர்கள். நான் எதை எழுதுவது?

தம்பி, ஒன்பது என்றே எழுதுங்கள். நீங்கள் மூன்று பார்த்ததும் உண்மைதான், உங்கள் 2.2-உம் அளவீட்டுப் பிழை இல்லை. தவறு கைடில் பாதி, நீங்கள் எடுத்துக்கொண்ட சூத்திரத்தில் பாதி.

முதலில் ஒன்பது எப்படி வருகிறது என்று பார்ப்போம். அணுவின் மொத்தக் கோண உந்தத்தைச் சொல்லும் எண் J; அதில் புலத்தின் திசையில் எவ்வளவு என்று சொல்லும் எண் m. 546.1 நானோமீட்டர் பச்சைக் கோடு, J = 1 உள்ள ஒரு மேல்மட்டத்திலிருந்து J = 2 உள்ள கீழ்மட்டத்துக்கு எலெக்ட்ரான் இறங்கும்போது வருவது. காந்தப்புலம் இல்லாதவரை ஒவ்வொன்றும் ஒற்றை மட்டம். புலம் வந்ததும் மேல்மட்டம் மூன்றாகவும் (m = +1, 0, −1) கீழ்மட்டம் ஐந்தாகவும் (m = +2 முதல் −2 வரை) விரியும். ஆனால் இரண்டும் ஒரே அளவுக்கு விரியாது. எவ்வளவு விரியும் என்பதைச் சொல்வது g என்ற எண். மேலே g = 2, கீழே g = 3/2. இந்த வேறுபாடு இல்லாவிட்டால் உங்கள் தலைவலியும் இல்லை. கேட்மியத்தின் சிவப்புக் கோடு மாதிரி சமர்த்தாக மூன்றாகப் பிரிந்துவிட்டுப் போயிருக்கும்.

போர் மேக்னெட்டானைப் புலத்தால் பெருக்கி வருவதை ஓர் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே மூன்று படிகள் +2, 0, −2 என்ற உயரத்தில் இருக்கும். கீழே ஐந்து படிகள் +3, +1½, 0, −1½, −3. மூன்றையும் ஐந்தையும் பெருக்கினால் பதினைந்து தாவல்கள் சாத்தியம். வெளியேறும் ஒளித்துகளோ ஒரே ஒரு அலகு கோண உந்தத்தைத்தான் மடியில் கட்டிக்கொண்டு போக முடியும். அதனால் m மாறாமல் இருக்கலாம், ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். இரண்டு மாறக் கூடாது. மேலே உள்ள ஒவ்வொரு படிக்கும் கீழே சரியாக மூன்று வாசல் திறந்திருக்கிறது. மும்மூன்று ஒன்பது. மேல்படி உயரத்திலிருந்து கீழ்படி உயரத்தைக் கழித்துப் பாருங்கள்:

m மாறாதவை: −½, 0, +½
m ஒன்று கூடுபவை: −1, −1½, −2
m ஒன்று குறைபவை: +1, +1½, +2

அரை அலகு இடைவெளியில் ஒன்பது கோடுகள், சீராக. நடுவில் இருக்கும் அந்தப் பூஜ்யம்தான் 0-விலிருந்து 0-வுக்கான தாவல். கைடு அதைத்தான் அடிக்கச் சொல்கிறது.

அந்த விதி பொய்யில்லை, அரைகுறை. முழு விதி இது: மேலும் கீழும் J சமமாக இருந்தால் மட்டுமே, m = 0-விலிருந்து m = 0-வுக்குத் தாவல் கிடையாது. ‘J சமமாக இருந்தால்’ என்ற பகுதியை அச்சடித்தவர் இடம் போதவில்லை என்று வெட்டிவிட்டாரோ என்னவோ. J சமமாக இருக்கும்போது, m மாறாத கோட்டின் பிரகாசம் m-இன் வர்க்கத்தைப் பொறுத்தது. m பூஜ்யமானால் பிரகாசமும் பூஜ்யம். உங்கள் பச்சைக் கோட்டில் J ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகிறது. அங்கே பிரகாசம் 4 − m² என்ற கணக்கில் வரும். m = +1, 0, −1 போட்டுப் பாருங்கள்: 3, 4, 3. அதாவது நீங்கள் அடித்துவிட இருந்த கோடுதான் ஒன்பதிலும் மிகப் பிரகாசமானது! J = 0-விலிருந்து J = 0-வுக்குத் தாவவே கூடாது என்று வேறொரு விதியும் உண்டு. அது J பற்றியது, இது m பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்களை வைவாவில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

நம்பிக்கை வரவில்லையென்றால் அதே பாதரச விளக்கிலேயே சரிபார்க்கலாம். அதே மேல்மட்டத்திலிருந்து இன்னும் இரண்டு கோடுகள் வருகின்றன. 404.7 ஊதா, J = 0 உள்ள மட்டத்துக்கு இறங்குகிறது; பிரிவு மூன்று, நடுக்கோடு உண்டு. 435.8 நீலம், J = 1 உள்ள மட்டத்துக்கு; இங்கேதான் J சமம். எண்ணினால் ஆறு கோடுகள் வரும்: ±½, ±1½, ±2. நடுவில் வெறுமை. கைடின் விதி செல்லுபடியாவது இந்த நீலத்துக்கு மட்டும்தான். நீல ஃபில்டர் இருந்தால் போட்டுப் பாருங்கள். எட்டலான் என்ற கண்ணாடித் தட்டு ஒவ்வொரு கோட்டையும் வளையமாகக் காட்டும்; பச்சையில் நடுவளையம் நிற்கும் இடம் நீலத்தில் காலியாக இருக்கும்.

கைடு விற்பவரைக்கூட விட்டுவிடலாம். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் ‘முடித்த ரெக்கார்டு’ வாங்கித் தரும் தரகர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அந்த ரெக்கார்டுகளில் e/m எப்போதும் புத்தக மதிப்பான 1.76 × 10¹¹ என்று கச்சிதமாக வரும். வளைய விட்டங்களை எடுத்து நீங்களே கூட்டிக் கழித்துப் பார்த்தால் வராது. விடையிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு அது. ஒரு வருடம் என்னிடம் கையெழுத்துக்கு வந்த ரெக்கார்டுகளில் பதினோரு பேருக்கு ஒரே விட்டம், கடைசித் தசமம் வரை. கேட்டால் ‘ஒரே கருவிதானே சார்’ என்கிறார்கள். மாணவனைச் சொல்லி என்ன பயன்? இன்டர்னல் மதிப்பெண்ணை 1.76-க்கு வைத்துவிட்டு நேர்மையாக 2.2 கொண்டுவந்தவனுக்கு மார்க்கைக் குறைத்தால், அவன் கடையைத் தேடிப் போகாமல் என்ன செய்வான்?

சரி, உங்கள் மூன்று வளையங்களுக்கு வருவோம். காந்தத்துக்குக் குறுக்காகப் பார்க்கும்போது ஒன்பது கோடுகளின் பிரகாசம் வரிசையாக 1, 3, 6, 6, 8, 6, 6, 3, 1. நடு மூன்றும் (6, 8, 6) ஒரு கொத்து. இருபுறமும் மும்மூன்று. ஓரத்துக் கோட்டின் பிரகாசம் நடுக்கோட்டினுடையதில் எட்டில் ஒரு பங்குதான் என்பதால் கண் அதைக் கணக்கிலேயே சேர்க்காது. புலம் 0.5 டெஸ்லா என்றால் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே வெறும் 0.0035 நானோமீட்டர். எட்டலான் சுமாரானதாக இருந்தால் கொத்துகள் ஒட்டிக்கொண்டு, கொழுத்த மூன்று வளையங்களாகத் தெரியும்.

உங்கள் மூன்று எந்த மூன்று என்று கண்டுபிடிக்க ஒரு போலராய்டு போதும். நடுக்கொத்து புலத்தின் திசையிலேயே அதிரும் ஒளி. ஓரக்கொத்துகள் அதற்குச் செங்குத்து. போலராய்டைத் திருப்பும்போது நடுவளையம் அணைந்து ஓரத்து இரண்டு மட்டும் நின்றால், நீங்கள் பார்த்தது ஒட்டிப்போன கொத்துகள். ஒரு நிலையில் ஒல்லியான மூன்று வளையங்கள் நெருக்கமாக நின்று, திருப்பியதும் மூன்றும் ஒன்றாகக் காணாமல் போனால், அவை நடுக்கொத்தின் மூன்று கோடுகள். போலராய்டில் அச்சு குறிக்கப்படவில்லையா? லேபின் மொசைக் தரையில் ஜன்னல் வெளிச்சம் பளபளக்கும் இடத்தை அதன் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். பளபளப்பு மங்கும் நிலையில் அச்சு நெட்டுக்குத்தாக நிற்கிறது.

இப்போது 2.2-க்கு விடை கிடைத்துவிடும். நீங்கள் எடுத்த சூத்திரம், ஓர வளையம் ஓர் அலகு தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளும் சூத்திரம். அது கேட்மியச் சிவப்புக்குச் சரி. பாதரசத்தில் ஓரக்கொத்தின் மூன்று கோடுகள் 1, 1½, 2 அலகுகளில் நிற்கின்றன. பிரகாசம் 6, 3, 1. எடை போட்டுச் சராசரி எடுங்கள்: 6-உம் 4½-உம் 2-உம் சேர்ந்து 12½, பத்தால் வகுத்தால் 1.25 அலகு. நீங்கள் அளந்த விலகலை 1.25-ஆல் வகுத்தால் 2.2 என்பது 1.76 ஆகிவிடும். உங்கள் அளவீடு அவ்வளவு சுத்தம்! நடுக்கொத்தின் அடுத்தடுத்த வளையங்களை அளந்து ஓர் அலகு என்று போட்டிருந்தால் 0.88 வந்திருக்கும், சரியாகப் பாதி. இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே மாணவன் எதை அளந்தான் என்று சொல்லிவிடலாம்.

ஒன்பதையும் பிரித்துப் பார்த்தே தீருவேன் என்று மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் இருப்பது 3 மி.மீ. கண்ணாடி எட்டலான். அதில் ஒரு வரிசை வளையத்துக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள இடைவெளி சுமார் 0.034 நானோமீட்டர். உங்கள் ஒன்பது கோடுகளும் சேர்ந்து 0.6 டெஸ்லாவிலேயே அந்த அகலத்தை எட்டிவிடும். அதற்கு மேல் போனால் ஒரு வரிசையின் ஓரம் அடுத்த வரிசைக்குள் புகுந்து, எது யாருடைய வளையம் என்றே தெரியாது. போலராய்டு வைத்து ஓரக்கொத்துகளை அணைத்துவிட்டு நடு மூன்றை மட்டும் அளப்பதே புத்திசாலித்தனம்.

எட்டலானையும் ஒருமுறை சோதியுங்கள். புலமே இல்லாதபோது வளையம் தலைமுடி போல இருக்க வேண்டும். வளையல் கனத்துக்கு இருந்தால் எந்தப் புலம் கொடுத்தும் பயனில்லை. நான் வேலையில் இருந்தபோது குறைந்த கொட்டேஷனுக்கே ஆர்டர் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தோம். டீலர் கொண்டுவந்த கண்ணாடிக்குச் சான்றிதழ் பளபளவென்று இருந்தது, வளையம் மாத்திரம் வளையல். திருப்பி அனுப்ப மூன்று கமிட்டி கூடியது. அந்தக் கண்ணாடி இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று கேள்வி.

இன்னொன்று, நம் ஊர் மே மாத வெயிலில் காந்தச் சுருள் சீக்கிரம் சூடாகும். 25 டிகிரி ஏறினால் செம்புக் கம்பியின் மின்தடை பத்து சதவீதம் கூடும். மின்னழுத்தத்தை மட்டும் நிலையாக வைக்கும் சப்ளை என்றால் மின்னோட்டம் ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்கிவிடும், புலமும் கூடவே. காலையில் காஸ்மீட்டரில் எடுத்த எண்ணை வைத்து மதியம் கணக்குப் போட வேண்டாம். ஒவ்வொரு வளைய அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் ஹால் புரோபை அதே இடத்தில் வைத்துப் படியுங்கள்.

ரெக்கார்டில் ஒன்பது கோடுகளின் படத்தையும் பிரகாச எண்களையும் போட்டு, ‘மூன்று கொத்துகளாகத் தெரிந்தது, ஓரக்கொத்தின் சராசரி விலகல் 1.25 அலகு’ என்று ஒரு வரி எழுதுங்கள். 2.2-ஐ அழிக்காமல் வைத்து, அதற்குக் கீழே திருத்திய மதிப்பைக் காட்டுங்கள். யாராவது நடுக்கோட்டை ஏன் அடிக்கவில்லை என்று கேட்டால், இரண்டு மட்டங்களுக்கும் J என்ன என்று அவரிடமே பணிவாகக் கேளுங்கள்.