டையான மேட்ச்ல ஜெயிச்சது யாரு? – கேள்வி பதில்

அண்ணா, 2019 உலகக் கோப்பை ஃபைனல்ல இங்கிலாந்து, நியூசிலாந்து ரெண்டு டீமும் சூப்பர் ஓவர்லயும் சமம்தானே, அப்புறம் நியூசிலாந்து எப்படி தோத்தாங்க? பவுண்டரி கணக்குன்னா என்ன கணக்கு அது?

லார்ட்ஸ்ல ரெண்டு டீமும் 241, அப்புறம் ஆளுக்கு ஒரு ஓவர் ஆடுற சூப்பர் ஓவர்ல ரெண்டும் 15. அதுக்கப்புறம் மேட்ச், சூப்பர் ஓவர் ரெண்டுலயும் அடிச்ச ஃபோர், சிக்ஸ் எண்ணிக்கையைக் கூட்டிப் பாத்தாங்க, இங்கிலாந்து 26, நியூசிலாந்து 17, அவ்ளோதான்.

ஆனா எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேற. சூப்பர் ஓவர் ஆரம்பிக்கும்போதே கணக்கு 24க்கு 16. நியூசிலாந்து ஆறு பந்தையும் பவுண்டரிக்கு அடிச்சு இங்கிலாந்து ஒண்ணு கூட அடிக்கலைன்னாலும் 22தான் வரும், எட்ட முடியாது. அதாவது டை ஆனா யாருக்குன்னு ஒரு பந்து போடுறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. நியூசிலாந்துக்கு ஆர்ச்சர் போட்ட சூப்பர் ஓவரை மனசுல ஓட்டிப் பாருங்க: ஒய்டு, ரெண்டு, நீஷம் சிக்ஸ், ரெண்டு, ரெண்டு, ஒண்ணு, மொத்தம் 14. கடைசி பந்து கப்டில்கிட்ட. இங்கிலாந்துக்கு டை போதும், நியூசிலாந்துக்கு ரெண்டு ரன் வேணும். கப்டில் லெக் சைடுல தட்டிட்டு முதல் ரன்னை முடிச்சாரு, ரெண்டாவதுக்கு ஓடினாரு, ராய் எறிஞ்ச பந்தை பட்லர் வாங்கி ஸ்டம்பைத் தட்டிட்டாரு. அந்த ரெண்டாவது ரன்னுக்கு ஓட வெச்சதே பவுண்டரி கணக்குதான், அது நியூசிலாந்து பக்கம் இருந்திருந்தா ஒரு ரன்னோட கப் அவங்களுக்கு.

சார், நியூசிலாந்து 8 விக்கெட், இங்கிலாந்து ஆல் அவுட். விக்கெட் கம்மியா விட்டவங்கதான் ஜெயிச்சவங்க, பழைய ரூல் அதுதானே, அதை ஏன் எடுத்தாங்க?

பழைய ரூல் அப்படி இருந்தது உண்மைதான். 1987ல ஹைதராபாத்ல இந்தியா, பாகிஸ்தான் ரெண்டும் 212, இந்தியா 6 விக்கெட், பாகிஸ்தான் 7, அதை வெச்சு இந்தியா ஜெயிச்சதா அறிவிச்சாங்க. பவுண்டரியை விட இது தேவலாம்னுதான் நானும் சொல்லுவேன், ஏன்னா பவுலர் விக்கெட் எடுக்கத்தான் போடுறான், யாரும் பவுண்டரி எண்ணிக்கைக்காக விளையாடுறதில்லை, ஓடி எடுத்த நாலும் அடிச்ச நாலும் ஸ்கோர்போர்டுல ஒண்ணுதான்.

ஆனா அந்த ரூலைத் தூக்கிட்டுப் போய் லார்ட்ஸ்ல வெச்சுட்டு நியூசிலாந்துதான் ஜெயிச்சதுன்னு சொல்றது சரியில்ல. கடைசி ரெண்டு பந்துல ரஷீதும் வுட்டும் ரன் அவுட் ஆனாங்க, ரெண்டு பேருமே ரெண்டாவது ரன்னுக்கு ஓடித்தான். விக்கெட் போனா டை நமக்கில்லைன்னு முன்னாடியே ரூல் இருந்திருந்தா இங்கிலாந்து ஐம்பது ஓவரும் வேற மாதிரி ஆடியிருப்பாங்க. ஒரு ரூல்ல ஆடின மேட்சுக்கு இன்னொரு ரூல்ல தீர்ப்பு சொல்ல முடியாது.

அதெல்லாம் விடுங்க, இங்கிலாந்தோட கடைசி ஓவர்ல ஃபீல்டர் எறிஞ்ச பந்து ஸ்டோக்ஸ் பேட்ல பட்டு பவுண்டரி போச்சே அது 6 இல்ல 5தான். அப்போ நியூசிலாந்து ஒரு ரன்ல ஜெயிச்சாச்சு, டையே கிடையாது. சரியா?

பாதி சரி. பந்தை எறியும்போது ரெண்டாவது ரன்னுக்கு ரெண்டு பேரும் கிராஸ் ஆகலை, அதனால ரூல் 19.8 படி 5தான்னு முன்னாள் அம்பயர் சைமன் டாஃபலே சொன்னாரு. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு பந்து இருந்துச்சுங்க. 5 கொடுத்திருந்தா ரெண்டு பந்துல 4 வேணும், ஸ்ட்ரைக்ல ஸ்டோக்ஸ் இல்ல, ரஷீத். நியூசிலாந்துக்கு வாய்ப்பு அதிகம், ஜெயிச்சாச்சுன்னு சொல்ல முடியாது.

அண்ணே, எங்க ஊர் டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஃபைனல் டை ஆச்சு. இருட்டிருச்சு, கமிட்டிக்காரங்க டாஸ் போட்டுக் கப்பைக் கொடுத்துட்டாங்க, நாங்க டாஸ்ல தோத்தோம். இது நியாயமா?

இல்ல தம்பி. டாஸ் போட்டதை விட பெரிய தப்பு, டை ஆனதுக்கப்புறம் உக்காந்து முடிவு பண்ணது. அடுத்த வருஷம் என்ட்ரி பீஸ் வாங்கும்போதே நோட்டீஸ்ல எழுதச் சொல்லுங்க: டை ஆனா சூப்பர் ஓவர், வெளிச்சம் இல்லைன்னா கப்பும் பணமும் ரெண்டா பிரிப்பு. சூப்பர் ஓவர்ல ரெண்டு விக்கெட் போனா இன்னிங்ஸ் முடிஞ்சது, மேட்ச்ல ரெண்டாவதா பேட் பண்ணவங்க இதுல முதல்ல, இந்த ரெண்டையும் சேத்து எழுதிடுங்க, அங்கதான் அடிதடி வரும்.

இப்ப பவுண்டரி கணக்கு போயிருச்சு, முடிவு வர வரைக்கும் சூப்பர் ஓவர்ங்கிறாங்க. அதுவும் லாட்டரிதானே? 100 ஓவர் ஆடினதுக்கு ஆறு பந்துல தீர்ப்பா?

லாட்டரின்னு நான் சொல்லமாட்டேன், ஆனா ஒரு ஓவர் சின்ன அளவுகோல்தான், அது உண்மை. அதோட அழகு ரெண்டாவது சூப்பர் ஓவர்ல தெரியும். 2020 அக்டோபர் 18, துபாய், ஐபிஎல்ல மும்பையும் பஞ்சாபும் 176. முதல் சூப்பர் ஓவர்ல பும்ரா பஞ்சாபை 5 ரன்ல நிறுத்திட்டாரு, ஷமி போய் அதே 5க்கு மும்பையை நிறுத்தினாரு, ரோஹித்தும் டி காக்கும் ஆடியே அவ்ளோதான். அடுத்த சூப்பர் ஓவர்ல ஒரு ஓவர் போட்ட பவுலர் மறுபடி போடக்கூடாது, அவுட் ஆனவன் மறுபடி ஆடக்கூடாது. அதனால பும்ரா கிடையாது, ராகுல், பூரன் கிடையாது. மும்பை 11, போல்ட் பவுலிங்ல கெய்ல் முதல் பந்தே சிக்ஸ், பின்னாடி மயங்க் அகர்வால் ரெண்டு ஃபோர், முடிஞ்சது. ஒரே ஒரு பவுலரை வெச்சு ஓட்ட முடியாது, அடுத்த ஆளு எப்படிங்கிறதையும் பாத்துருது. சேசிங் டீம் மாறி மாறி வர்றதும் நல்லது, டார்கெட் தெரிஞ்சு ஆடுற லாபம் ஒரே பக்கம் நிக்காது.

நினைச்சுப் பாருங்க, இதே ஐபிஎல்ல 2014ல கொல்கத்தா, ராஜஸ்தான் சூப்பர் ஓவர்லயும் 11க்கு 11 நின்னு ராஜஸ்தானுக்குப் பவுண்டரி கணக்குல கொடுத்தாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு உலகக் கோப்பையில நடந்தப்பதான் எல்லாருக்கும் வலிச்சது.

நான் கொழும்புல இருந்து. 2002 சாம்பியன்ஸ் ட்ராஃபி மாதிரி கப்பைப் பங்கு போட்டா என்ன? ரெண்டு டீமும் சந்தோஷமாத்தானே இருப்பாங்க?

அது டை இல்லைங்க, மழை. முதல் நாள் இலங்கை 50 ஓவர் ஆடி 244, இந்தியா ரெண்டு ஓவர்தான் ஆடிச்சு. ரிசர்வ் டேல விட்ட இடத்துல இருந்து தொடராம மறுபடி முதல்ல இருந்து, இலங்கை 222, இந்தியா 38ல இருக்கும்போது மழை. ரெண்டு நாள்ல இலங்கை 100 ஓவர் பேட்டிங், முடிவு இல்லாம பங்கு. தொடர்ந்து ஆடியிருந்தா முடிவு வந்திருக்கும்னுதான் நினைக்கிறேன், அதைப் பங்கு போட்டதுக்கு நல்ல உதாரணமா எடுக்க மாட்டேன்.

லீக் மேட்ச்ல பங்குதான் நேர்மை, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. 2011 உலகக் கோப்பையில பெங்களூர்ல இந்தியா 338, இங்கிலாந்து 338, ஆளுக்கு ஒரு பாயின்ட், யாரும் அழலை. அந்த மேட்சுக்கு அதுதான் ஸ்கோர்.

ஃபைனல்லயும் அதே நியாயம்தானே? 241க்கு 241ன்னா ரெண்டு பேரும் சாம்பியன். லீக்ல டை உண்மைன்னா ஃபைனல்ல மட்டும் எப்படி பொய் ஆகும்?

இதுக்கு என்கிட்ட முழு பதில் இல்லைங்க. செமிஃபைனல்ல ஒருத்தர் மேல போயே ஆகணும், அங்க வழியில்ல. ஃபைனல்ல போக அடுத்த ரவுண்டு கிடையாது, அதனால நீங்க கேக்குறது எனக்கும் உறுத்துது. நான் இன்னும் சூப்பர் ஓவர் பக்கம்தான், ஏன்னா ரெண்டு டீமும் அதுக்குத் தயாரா வர்றாங்க, அங்க ரன்தான் பேசுது. ஆனா அன்னிக்கு லார்ட்ஸ்ல நியூசிலாந்து கேப்டன் வில்லியம்சன் கையிலயும் கப்பைக் கொடுத்திருந்தா நான் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டேன்.