எது முதலில், எது கடைசியில்? வாதங்களை அடுக்குவது பற்றிக் கேள்வி பதில்

களக்காடு விவசாயி: அண்ணாச்சி, வாய்க்கால் ஆக்கிரமிப்புக்குத் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கணும். ஆறு காரணம் எழுதிருக்கேன். பரம்பரையாப் பாய்ஞ்ச வாய்க்கால், கொசுத் தொல்லை, ரெண்டு தடவை வாயால சொல்லியாச்சு, புலப்படத்துல அகலம் 4 மீட்டர் இப்ப 1 மீட்டர்தான், பிள்ளைக போற பாதையும் போச்சு, பிசானத்துக்கு 14 ஏக்கர் தண்ணியில்லாமக் கெடக்கு. வரிசை சரியா?

நாலாவதா இருக்கிறது முதல் வரிக்கு வரணும் அண்ணாச்சி. ஒவ்வொரு காரணத்தையும் பார்த்து, "எதிராளி இல்லைன்னு சொன்னா என்னத்தக் காட்டுவேன்?"னு கேளுங்க. பரம்பரைப் பாத்தியத்துக்குப் பேச்சுதான் சாட்சி. புலப்படம் அரசாங்கத்தோட சொந்தத் தாள், அதை அவங்களே மறுக்க முடியாது. அதைக் கொசுவுக்குக் கீழே வச்சா, வாசிக்கிறவர் அங்க வர்றதுக்குள்ள "இது சுகாதாரப் புகார்"னு முடிவு பண்ணிருவார். மனு தப்பான துறைக்குப் போறது இப்படித்தான்.

பொருள் வரியையே இப்படி எழுதுங்க: "வாய்க்கால் புறம்போக்கு புலப்படப்படி 4 மீட்டர், தற்போது 1 மீட்டர், அளந்து ஆக்கிரமிப்பை அகற்றக் கோருதல்." சர்வே எண்ணும் அதே வரியில வரட்டும். 14 ஏக்கரைக் கடைசிப் பத்தியில, கோரிக்கைக்கு நேர் மேல வைங்க. தாமதிச்சா என்ன நட்டம்னு வாசிச்ச கையோட கோரிக்கை வந்துரும். பரம்பரையை நடுவுல ஒரே வரியில சொல்லுங்க. வாயால சொன்னதுக்கு ரசீது இல்லையே, விட்டுருங்க. கொசுவை எடுத்துருங்க. சின்னக் காரணம் பெரிய காரணத்துக்குத் துணை போகாது, அதன் கனத்தைக் குறைக்கும். எதிராளி பதில் சொல்லும்போதும் அந்தச் சொத்தையைத்தான் முதல்ல பிடிப்பார். பாதைக்குத் தனி மனு போடுங்க.

ஒண்ணு கவனிங்க: அந்த 1 மீட்டரை எங்க அளந்தீங்க? ரொம்ப ஒடுங்கின ஒரே இடத்துல மட்டும்னா, சர்வேயர் வேற இடத்துல டேப்பைப் பிடிச்ச உடனே உங்க முதல் வரி விழுந்துரும்.

வள்ளியூர் பட்டிமன்றப் பேச்சாளர்: நல்ல பாயிண்ட கடைசிலதான் வைக்கணும் அண்ணாச்சி. முதல்லயே சொல்லிட்டா பிறகு என்ன கெடக்கு பேச?

மேடைக்குப் பாதி சரி. கேட்கிறவர் எழுந்து போக மாட்டார், கடைசியாக் கேட்டது காதுல நிக்கும். ஆனா 5 நிமிசப் பேச்சுல 4-வது நிமிசத்துல மணி அடிச்சா, பாதிப் பேர் பதறி ஓட ஆரம்பிச்சிருவாங்க. அப்ப சேமிச்சு வச்ச வாதம்தான் முதல்ல அடிபடும். அதனால மூணரை நிமிசத்துலயே அதைத் தொடங்கிருங்க. முதல் இடத்துல உங்க ரெண்டாவது நல்ல வாதம் இருக்கட்டும். ஹோமரோட இலியத் காவியத்துல நெஸ்டர், தேர்ப்படையை முன்னாலயும் நல்ல காலாட்படையைப் பின்னாலயும் நிறுத்தி, கோழைகளை நடுவுல வைப்பார். ரோமாபுரியில பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன், வாதங்களை அடுக்குற வழிகள்ல ஒண்ணா அதையும் சொன்னார்.

எழுத்துக்கு இது ஒத்துவராது. வாசிக்கிறவர் நடுவுலயே தாளைத் திருப்பிட்டா, கடைசியில வச்சது அவர் கண்ணுல படவே படாது.

பாளையங்கோட்டை கல்லூரி மாணவி: எதிரணி முதல்ல, நாங்க ரெண்டாவது. பிந்திப் பேசினா லாபமா?

காலத்தைப் பொறுத்தது தங்கச்சி. 1959-ல மில்லர், கேம்பல்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு வழக்கோட ரெண்டு தரப்பையும் வச்சு இதைச் சோதிச்சாங்க. ரெண்டு தரப்பையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒரு வாரம் கழிச்சு முடிவு சொன்னவங்க, முதல் தரப்புப் பக்கம் சாய்ஞ்சாங்க. தரப்புகளுக்கு நடுவுல ஒரு வாரம் விட்டு, ரெண்டாவதைக் கேட்ட உடனே சொன்னவங்க பிந்தினதுக்குச் சாய்ஞ்சாங்க. உங்க போட்டியில இடைவெளியும் இல்லை, தீர்ப்பும் உடனே. அப்படி இருந்தவங்க கிட்ட வரிசை பெருசா வேலை செய்யலை. உங்க பேச்சுக்குள்ள இருக்கிற வரிசையைச் சரி பண்ணுங்க, போதும்.

சேரன்மகாதேவி வாசகர்: ரேஷன் கார்டுல பேர் சேர்க்க எந்தத் தாளை மேல வச்சுப் பின் அடிக்கணும்?

அதுல வாதமே இல்லை, விண்ணப்பம் கேட்கிற வரிசையில வைங்க. மனுவுக்கு இணைப்புன்னா மட்டும், முதல் வாதத்தோட நகல் மேல இருக்கணும்.

அம்பாசமுத்திரம் ஆசிரியை: அதிகாரி ஏற்கனவே எதிர்த்தரப்புக்கு வேண்டியவர்னா? முதல் வரியிலயே ஆக்கிரமிப்புன்னா முகத்தைத் திருப்பிக்குவாரே.

நியாயமான சந்தேகம் டீச்சர். ஆய்வுகளும் இதுல ஒரே பக்கம் நிக்கலை. அவர் மறுக்காத ஒரு வரியில தொடங்கலாம்: "இந்த வாய்க்கால் அரசுப் புறம்போக்கு." அடுத்த வரியிலயே அளவு வந்துரணும். சமாதானம் மூணு வரி போனா, மறுபடி நடுவுலதான் புதையும்.

ஆசிரியை: எங்க பக்கம் ஒரு வரி பத்தாது அண்ணாச்சி.

உங்க ஊர் ஆளை நீங்கதான் அறிவீங்க. ரெண்டு வரி எழுதி, உரக்க வாசிச்சுப் பாருங்க.

களக்காடு விவசாயி: மூணு இடத்துல அளந்தாச்சு. 1 மீட்டர், 1.6, 2.2.

அப்ப முதல் வரியை மாத்துங்க: "4 மீட்டர் வாய்க்கால், அளந்த மூன்று இடங்களிலும் 2.2 மீட்டருக்கு மேல் இல்லை." 1 மீட்டரை அடுத்த வரியில, எந்த இடம்னு அடையாளத்தோட சொல்லுங்க.