தேதி முடிவதற்கு முன்பே தொடங்க வேண்டிய தேதி

வாசகர் கேள்வி: ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டில் நாலு பேராக இருக்கிறோம். என் பாஸ்போர்ட் 2027 நவம்பர் 11 வரை. ரெசிடென்ஸ் கார்டும் அதே தேதியில் முடிகிறது. கணவருக்கு ப்ளூ கார்டு, 2028 மார்ச் 30 வரை இருக்கிறது. 9 வயது மகனுக்கும் 4 வயது மகளுக்கும் கார்டு அதே மார்ச் 30. மகளின் பாஸ்போர்ட் மட்டும் 2028 ஜூலை 6. மற்ற பாஸ்போர்ட்டுகள் 2030க்கு மேல்தான். ஒரே வீட்டில் எனக்கு மட்டும் கார்டு ஏன் முன்னாடியே முடிகிறது? போன தடவை ஃபோனில் ரிமைண்டர் போட்டிருந்தேன், அடித்தது, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டேன். கடைசியில் அலைந்து திரிந்தோம். இந்தத் தேதிகளை எப்படி ஒழுங்கு பண்ணுவது?
— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, கார்டின் தேதியை முடிவு பண்ணியது உங்கள் பாஸ்போர்ட்தான். பாஸ்போர்ட் எது வரை செல்லுமோ அதைத் தாண்டி அங்கே கார்டு கொடுப்பது வழக்கமில்லை. அதனால் 'கார்டு முடிகிறது' என்று நீங்கள் குறித்து வைத்திருப்பது உண்மையில் 'பாஸ்போர்ட் முடிகிறது' என்பதுதான். பழைய பாஸ்போர்ட்டோடு போய் கார்டை நீட்டிக்கக் கேட்டால், முதலில் புதுப் பாஸ்போர்ட்டைக் கொண்டு வாருங்கள் என்பார்கள். பாஸ்போர்ட் முதலில், கார்டு பிறகு. இந்த வரிசையை வைத்துத்தான் ரிமைண்டர் போட வேண்டும்.

உங்கள் கணக்கை நவம்பர் 11-இலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பார்க்கிறேன். கார்டுக்கான விண்ணப்பத்தை மூன்று மாதம் முன்னால், அதாவது ஆகஸ்ட் 11 வாக்கில் அனுப்ப வேண்டும். பெரிய ஊர்களில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகிறது, கார்டு அச்சாகி வர இன்னும் சில வாரம். அந்த ஆகஸ்ட் 11 அன்று புதுப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டை முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம், ஆக உங்களுக்கு 2026 நவம்பரிலேயே கதவு திறந்துவிடும். அவ்வளவு அவசரம் வேண்டாம். ஒன்பது மாதம் முன்னால் தொடங்கினால் போதும்: 2027 பிப்ரவரி 11. போலீஸ் சரிபார்ப்பு இழுத்தாலும், ஃபோட்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்பினாலும், ஆகஸ்ட்டுக்குள் ஆறு மாதம் இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா போல ஆறு மாதம் செல்லுபடி கேட்கும் ஊர்களுக்குப் போவதாக இருந்தாலும் இந்த ஒன்பது மாதக் கணக்கு உதவும். புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் வாரங்களில் மட்டும் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. துணைவருக்குத் தரும் குடும்ப அனுமதி, கூப்பிட்டவரின் அனுமதிக் காலத்தைத் தாண்டக் கூடாது என்று ஜெர்மன் வசிப்பிடச் சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் நவம்பரில் ஒழுங்காகக் கார்டை நீட்டித்தாலும், கணவரின் மார்ச் 30 வரைதான் தருவார்கள். நாலரை மாதத்துக்கு ஒரு கார்டு, பிறகு மறுபடி வரிசை, மறுபடி கட்டணம். பெரியவர் ஒருவருக்கு ஒரு முறைக்கே 100 யூரோவை ஒட்டி ஆகிறது. அதனால் ஆகஸ்ட்டில் விண்ணப்பிக்கும்போது, கணவரின் நீட்டிப்பையும் அதோடு சேர்த்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் அவர்கள் கையில், ஆனால் கேட்காதவருக்கு யாரும் தாமாகச் செய்து தரப்போவதில்லை. கணவர் ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை பார்த்து முடித்திருந்தால் (பி1 அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதமே போதும்) நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்றும் அப்போதே பாருங்கள். ஓய்வூதியக் கட்டணம் போன்ற மற்ற நிபந்தனைகளும் உண்டு. கிடைத்துவிட்டால் அவருடைய அனுமதிக்கு முடிவு தேதியே இல்லை. அட்டைக்கு மட்டும் தேதி இருக்கும், அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது மகள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த தேதி அந்த ஜூலை 6தான். கார்டுக்குப் பின்னால்தானே பாஸ்போர்ட் முடிகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் 2028 மார்ச்சில் அவள் கார்டை நீட்டிக்கும்போது, கையில் இருக்கும் பாஸ்போர்ட்டுக்கு மூன்று மாதம்தான் பாக்கி. புதுக் கார்டும் ஜூலை 6 வரைதான் வரும். அதனால் குழந்தையின் பாஸ்போர்ட்டை கார்டுக்கு முன்னால் புதுப்பிக்க வேண்டும். 2027 ஜூலை 6 முதல் விண்ணப்பிக்கலாம். ஒன்பது மாதக் கணக்கில் அக்டோபர் 6 வருகிறது, ஆனால் உங்கள் வீட்டில் ஆகஸ்ட்டிலேயே எல்லாருக்கும் கார்டு வேலை நடக்கலாம் என்பதால் ஜூலை 6 அன்றே தொடங்கிவிடுங்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் அனெக்ஷர் டி படிவம் வேண்டும். கணவர் அலுவலக வேலையாக வெளியூர் போகிறவர் என்றால் அவர் ஊரில் இருக்கும் வாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான், அல்லது 18 வயது வரை, எது முதலோ அது. இது தெரிந்தும் நாங்கள் ஒரு முறை மாட்டிக்கொண்டோம். நால்வருக்கும் ஒரே நாளில் எடுத்த பாஸ்போர்ட். பீரோவில் ஒரே பையில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன, மேலே இருந்தது என்னுடையது, அதைத் திறந்து பார்த்துவிட்டு 'இன்னும் நாலு வருஷம் இருக்கு' என்று மூடிவிட்டேன். ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஆன்லைனில் செக்-இன் பண்ண உட்கார்ந்தால், பெரியவனின் தேதியைச் சிவப்பில் காட்டுகிறது. டிக்கெட் போச்சு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பை இல்லை, பட்டியல்தான்.

பட்டியலை கூகுள் ஷீட்ஸில் போடுங்கள். ஒரு ஆவணத்துக்கு ஒரு வரி, ஒரு ஆளுக்கு ஒரு வரி இல்லை. ஏ-யில் பெயர், பி-யில் ஆவணம், சி-யில் முடியும் தேதி, டி-யில் தொடங்கும் தேதி, ஈ-யில் 'இதற்கு முன் எது முடிந்திருக்க வேண்டும்'. அந்த ஐந்தாவது பத்தியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கார்டு வரியில் அங்கே 'என் பாஸ்போர்ட்' என்றும், மகள் கார்டு வரியில் 'அவள் பாஸ்போர்ட், அப்பாவின் கார்டு' என்றும் இருக்கும். தொடங்கும் தேதியை ஷீட்டே கணக்குப் போடட்டும்:

```
=EDATE(C2;-9)
```

கார்டு வரிகளுக்கு -9க்குப் பதில் -3. மகள் பாஸ்போர்ட் வரிக்கு, நாம் பார்த்த காரணத்தால், -12. ஷீட்டின் மொழி அமைப்பு ஜெர்மனியாக இருந்தால் நடுவில் அரைப்புள்ளி வரும், அமெரிக்காவாக இருந்தால் காற்புள்ளி. அதைவிட முக்கியம், அமெரிக்க அமைப்பில் 06/07/2028 என்று தட்டினால் அது ஜூலை 6 ஆகாது, ஜூன் 7 ஆகிவிடும். சத்தமே இல்லாமல் ஒரு மாதம் நகர்ந்துவிடும். மாதத்தை எண்ணில் எழுதாமல் பெயரில் எழுதுங்கள். தட்டியபின் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டது என்று பொருள். இடப்பக்கம் நின்றால் வெறும் எழுத்தாக எடுத்திருக்கிறது, கணக்கு வராது.

இனி ரிமைண்டர். கூகுள் காலண்டரில் ஒரு நிகழ்வுக்கு அதிகபட்சம் நாலு வாரம் முன்னால்தான் அறிவிப்பு வைக்க முடியும். நவம்பர் 11-ஐ நிகழ்வாகப் போட்டால் அக்டோபரில்தான் அடிக்கும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. டி பத்தியில் வந்த தேதியையே நிகழ்வாகப் போடுங்கள். தலைப்பில் 'பாஸ்போர்ட் முடிகிறது' என்று எழுதாதீர்கள், அது செய்தி. 'அம்மா பாஸ்போர்ட்: ஃபோட்டோ எடு, போர்ட்டலில் விண்ணப்பம் ஆரம்பி' என்று எழுதுங்கள். வாரம் ஒரு முறை, சனிக்கிழமை காலை, திரும்பத் திரும்ப வரும்படி வையுங்கள். அப்பாயின்ட்மென்ட் உறுதியான மெயில் வந்தபிறகுதான் அந்தத் தொடரை அழிக்க வேண்டும். அப்போது ஒரு தடவை தள்ளினாலும் அடுத்த சனிக்கிழமை வந்து நிற்கும்.

இருவரும் பார்க்கும்படி பகிர்ந்த காலண்டர் வைத்தால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். பகிர்ந்த காலண்டரில் அறிவிப்பு ஒவ்வொருவருடைய ஃபோனுக்கும் தனி. நீங்கள் வைத்த மணி உங்களுக்கு மட்டும் அடிக்கும். கணவரின் ஃபோனை வாங்கி, அந்தக் காலண்டரின் அமைப்பில் அறிவிப்பை நீங்களே வைத்துக் கொடுங்கள். அடுத்த நாளுக்கு ஒரு சோதனை நிகழ்வு போட்டு இரண்டு ஃபோனிலும் அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 'நீ பார்ப்பேன்னு நினைச்சேன்' என்ற வாக்கியத்தால் நின்றுபோன பயணங்கள் எனக்கு நிறையத் தெரியும்.

புதுக் கார்டு தபாலிலோ கையிலோ வந்த அன்றே, பர்ஸில் வைப்பதற்கு முன், இரண்டு பக்கமும் படித்துவிட்டு ஷீட்டில் தேதியை மாற்றுங்கள். நீங்கள் எதிர்பார்த்த தேதி வந்திருக்காது என்று வைத்துக்கொண்டே படியுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இன்னும் செல்லும் விசா, உதாரணமாக அமெரிக்க விசா, இருந்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துப் போகலாம்.

எவ்வளவு பார்த்தும் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் நவம்பர் 11-க்கு அப்பால் கிடைத்தால் பதற வேண்டாம், ஆனால் ஒன்றை மட்டும் விடாதீர்கள். அந்தத் தேதிக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் பதிவு செய்ததே விண்ணப்பமாகும் என்று நம்பாதீர்கள். இணையத்திலோ எழுத்திலோ விண்ணப்பத்தையே அனுப்பி, தேதி தெரியும் உறுதிச் சீட்டை பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். முன்கூட்டியே விண்ணப்பித்தால், வசிப்பிடச் சட்டம் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவின்படி, முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே கொள்ளப்படும், வேலை பார்க்கும் உரிமையும் அதோடு தொடரும். அதற்கான சான்றுக்குப் பெயர் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங். ஊருக்குப் போவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன் அதைக் கேட்டு வாங்கி, அதில் 4ஆம் உட்பிரிவுக் கட்டம்தான் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 3ஆம் உட்பிரிவுக் கட்டமாக இருந்தால் அதைக் காட்டித் திரும்ப உள்ளே வர முடியாது. விமானத்தில் ஏறும்போது பாஸ்போர்ட், முடிந்துபோன பழைய கார்டு, இந்தச் சான்று மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். கவுன்டரில் இருப்பவர் இதை முதல் தடவையாகப் பார்ப்பவராக இருக்கலாம், அதனால் அரை மணி நேரம் முன்னதாகவே வரிசையில் நில்லுங்கள்.