சட்டியில் இருந்தால்தான்…

கேள்வி: என் மைத்துனர் இன்று காலை வாட்ஸ்அப்பில் "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருக்கிறார். முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. என்ன அர்த்தம்? என்ன பதில் போடுவது?

நீங்கள் இடமோ வண்டியோ வாங்குவதாக வீட்டில் பேச்சு நடக்கிறது, அது அவர் காதுக்கு எட்டிவிட்டது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் அப்படி ஏதாவது இருந்தால் அவர் சொல்வது அதைத்தான். பழமொழியின் பொருளை அகராதியில் தேடாதீர்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் கடைசியாக எந்தப் பேச்சு பாதியில் நின்றது என்று பாருங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் சித்தப்பா ஆடி மாதம் 40,000 ரூபாய் கைமாத்து வாங்கினார். "தீபாவளி கழிச்சு தர்றேம்மா" என்றார். தீபாவளியன்று வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது, "சித்தப்பா, அந்தக் கணக்கு" என்று லேசாக ஆரம்பித்தேன். யாரோ வந்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து ஒரே ஒரு வரி: "சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்."

எனக்குக் கல்யாணமாகி அப்போது நாலு வருடம், குழந்தை இல்லை. தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கி, ஆறாம் நாள் சூரசம்ஹாரம். அந்த வாரம் முழுக்க எங்கள் குடும்பக் குழுவில், "சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையாகிய கருப்பையில் குழந்தை வரும், இதுதான் பழமொழியின் உண்மைப் பொருள்" என்ற செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. சித்தப்பாவும் குத்திக்காட்டுகிறார் என்றே நினைத்தேன். சித்தியைக் கூப்பிட்டு அழுது, சத்தம் போட்டு, பொங்கல்வரை பேச்சுவார்த்தை இல்லை.

அவர் சொன்னது வேறு. சட்டியில் பணம் இல்லை, அகப்பையில் எப்படி வரும்? அவ்வளவுதான். அண்ணன் மகளிடம் "கையில காசு இல்லம்மா" என்று நேராகச் சொல்ல அவருக்குக் கூச்சம். பழமொழி என்றால் சொன்னது மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று. நான் கோபப்பட்டால் "சும்மா அனுப்பினேன்" என்று பின்வாங்கவும் வழி இருக்கும். நேராகச் சொல்ல முடியாததற்குத்தான் பெரும்பாலும் இப்படித் தனி வரி வருகிறது.

"இதுகூடப் புரியாதா" என்று கேட்க வருகிறவர்கள் நாலு வருடம் "விசேஷம் ஏதாவது உண்டா" என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு வரட்டும். நிதானமாகப் பார்த்திருந்தால் அந்த வரியிலேயே தடயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். சுற்றிவந்த செய்தியில் "சஷ்டி". அவர் எழுதியது "சட்டி". அதுவும் "இருந்தாத்தான்" என்று பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். வேறெங்கிருந்தோ தள்ளிவிட்ட செய்தியென்றால் மேலே வளைந்த அம்புக்குறி இருக்கும், இதில் இல்லை. (நகலெடுத்து ஒட்டினாலும் அம்புக்குறி வராது, அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.) குழுவில் போடாமல் எனக்கு மட்டும் அனுப்பியிருந்தார். கைப்பட எழுதியது, எனக்கு மட்டும் வந்தது, மூன்று நாளுக்கு முன் பணம் கேட்டிருக்கிறேன். இவ்வளவும் கண் முன்னால் இருந்தும், என் வலி எங்கே இருந்ததோ அங்கேயே அந்த வரியைக் கொண்டுபோய் வைத்தேன்.

இந்த "உண்மைப் பொருள்" கண்டுபிடிக்கிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அகப்பை என்றால் கொட்டாங்கச்சியில் காம்பு செருகிய கரண்டி. எங்கள் அப்பத்தா வீட்டுச் சுவரில் தொங்கியது. கருப்பையை யாரும் அகப்பை என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பதையும் இவர்கள் "ஆயிரம் வேரை" என்று திருத்திவிட்டார்கள். வைத்தியரைக் கிண்டல் செய்யும் நல்ல பழமொழி, அதன் பல்லைப் பிடுங்கியாயிற்று. சரி, அதை விடுங்கள்.

உங்கள் மைத்துனர் வரியிலும் இதையே பாருங்கள். தினமும் காலையில் பூப் படத்தோடு வாசகம் அனுப்புகிறவரா? அப்படியென்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். என்றைக்கும் அனுப்பாதவர் இன்றைக்கு அனுப்பியிருந்தால், பதிலுக்கு இன்னொரு பழமொழி மட்டும் போட்டுவிடாதீர்கள். "என்ன அர்த்தம்" என்றும் எழுத்தில் கேட்காதீர்கள், "சும்மாதான்" என்று வரும். சாயங்காலம் கூப்பிட்டு, "மச்சான், அந்த இடத்து விஷயமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று நீங்களே ஆரம்பியுங்கள். இடம் இல்லையென்றால் வேறு எதுவோ, அதைச் சொல்லி. மனதில் இருந்தால் கொட்டிவிடுவார்.

சித்தப்பா தை மாதம் வீட்டுக்கே வந்து 25,000 கொடுத்தார். மீதியை நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பழமொழி வருமோ.