சுழலும் கைப்பையில் தொங்கு நரம்பை அழிப்பது: கேள்வி பதில்

கேள்வி: தோல் கைப்பையின் கைப்பிடி நிமிர்ந்து நிற்க, மேலிருந்து தூண்டில் நரம்பால் கட்டித் தொங்கவிட்டு, பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி 36 படம் எடுத்தேன், அடுத்தடுத்து ஓட்டினால் பை சுழல்வதுபோல் தெரிய. Photoshop-இல் Content-Aware Fill போட்டு ஒவ்வொன்றிலும் நரம்பை அழித்தேன். தனித்தனியே பார்த்தால் சுத்தம். சுழற்றினால் கைப்பிடிக்கு மேலே துடிக்கிறது. ஏன் அண்ணா?

பதில்: அந்தக் கருவி 36 தடவையும் புதிதாக யோசித்து நிரப்புகிறது. நிரப்பிய இடத்தின் பொடிப்புள்ளிகளும் நிறமும் படத்துக்குப் படம் கொஞ்சம் மாறும். நிற்கும் படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, ஓடும்போதுதான் தெரியும். அழித்த இடத்தில் எல்லாப் படத்திலும் ஒரே பின்னணி உட்கார வேண்டும். அதற்குப் பையையும் நரம்பையும் எடுத்துவிட்டு, அதே விளக்கு, அதே மேனுவல் அமைப்பில் வெறும் பின்னணியை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இதைப் பிளேட் என்போம். நரம்பு இருக்கும் பகுதிக்கு ஒரு மாஸ்க் வரைந்து, அதன் வழியே பிளேட்டை 36 படத்திலும் ஒட்டினால் துடிப்பு நின்றுவிடும். ImageMagick-இல் அதற்கான கட்டளை:

```
mkdir -p out
for f in f_*.tif; do
  magick "$f" plate.tif mask.png -composite "out/$f"
done
```

மாஸ்க்கில் வெள்ளையாக உள்ள இடத்தில் மட்டும் பிளேட் வரும்.

கேள்வி: கேமரா ட்ரைபாடில் அசையாமல்தானே நிற்கிறது? ஒரே மாஸ்க் போட்டால் எல்லாம் முடிந்ததே.

பதில்: பாதி சரி. நரம்பின் மேல்முனை நிற்கிறது. கீழே உள்ள முடிச்சு பையோடு சுழல்கிறது. என் ஒரு வேலையில் முடிச்சு சுழல் அச்சிலிருந்து 1 செ.மீ. விலகி இருந்தது. 30 செ.மீ. அகலப் பை 2400 பிக்சல் நிறைந்திருந்ததால் 1 செ.மீ. என்பது 80 பிக்சல். ஆக நரம்பின் கீழ்முனை இடமும் வலமுமாக 160 பிக்சல் ஊசலாடியது, மேல்முனை அசையவே இல்லை. அதனால் கீழே 200 பிக்சல் அகலம், மேலே ஒடுங்கிய முக்கோண மாஸ்க் ஒன்றே 36 படத்துக்கும் போதுமானதாக இருந்தது.

ஆனால் முக்கோணத்தின் அடி கைப்பிடியைத் தொடக் கூடாது. கேமரா சற்று மேலிருந்து பார்ப்பதால் கைப்பிடியின் உச்சியும் படத்துக்குப் படம் ஏறி இறங்கும். எந்தப் படத்தில் அது மிக உயரமாகத் தெரிகிறதோ, அதற்கு மேலே மாஸ்க்கை நிறுத்துங்கள். அதற்குக் கீழே மிஞ்சும் சிறு துண்டில் படத்துக்குப் படம் கையால்தான் பிளேட்டைத் திறக்க வேண்டும்.

கேள்வி: பிளேட் எடுக்கவில்லையே! பை உரியவரிடம் திரும்பிப் போய்விட்டது, செட்டையும் கலைத்துவிட்டோம்.

பதில்: பயப்பட வேண்டாம், உங்கள் 36 படத்துக்குள்ளேயே பிளேட் இருக்கிறது. நரம்பு ஊசலாடுவதால் ஒரு படத்தில் மறைந்த புள்ளி வேறு பல படங்களில் திறந்திருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் 36 படத்தின் நடுமதிப்பை எடுத்தால் நரம்பு கரைந்துவிடும்.

```
magick f_*.tif -evaluate-sequence median plate.tif
```

மேல்முனைப் பக்கம் மட்டும் இது பலிக்காது. அங்கே நரம்பு அசையாததால் நடுமதிப்பிலும் நரம்பே நிற்கும். அந்த இடத்தைப் பிளேட்டில் ஒரே ஒருமுறை பக்கத்துப் பின்னணியைக் கொண்டு மூடுங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் படத்துக்குப் படம் சற்று மாறியிருந்தால் மாஸ்க்கின் ஓரம் கோடாகத் தெரியும். அப்படியானால் ஒட்டுவதற்கு முன்பே 36 படத்தின் பின்னணி வெளிச்சத்தையும் சமன் செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: நான் செருப்புக்காரன் சார். குதிகாலுக்குக் கீழே கண்ணாடிபோன்ற அக்ரிலிக் குச்சி வைத்து நிறுத்துகிறேன். எனக்கும் இதே முக்கோணம்தானா?

பதில்: இல்லை. உங்கள் குச்சி முழுக்கச் செருப்போடு சுற்றுகிறது, சில படங்களில் செருப்புக்கு முன்னால் வருகிறது. அங்கே தேவைப்படுவது பின்னணி அல்ல, செருப்பின் தோல். இரண்டு சுற்று எடுங்கள். இரண்டாவதில் குச்சியை 3 செ.மீ. தள்ளி வைத்து, அதே கோணங்களில் எடுத்தால், முதல் சுற்றில் மறைந்த தோல் இரண்டாவதில் கிடைக்கும். கைப்பை முடிச்சுக்கும் இதைத்தான் செய்கிறேன். இரண்டு சுற்றுக்கும் இடையில் தோல் கைப்பிடி தொய்ந்து இரண்டு மூன்று பிக்சல் நகர்ந்துவிடுவதுதான் சிக்கல். தையல் வரிசையைப் பார்த்து, ஒட்டும் துண்டை நகர்த்திப் பொருத்துகிறேன், ஆனால் எல்லாப் படத்திலும் திருப்தியாக வந்ததில்லை. பளபளப்பான மேசையில் குச்சியின் பிம்பம் விழுந்தால் அதற்கும் நல்ல வழி எனக்கு அகப்படவில்லை. மேசையை மேட்டாக மாற்றிவிடுகிறேன்.

கேள்வி: அழித்த பிறகு படங்கள் குதிக்கின்றன. சரிசெய்ய Auto-Align Layers ஓட்டினேன், இன்னும் மோசம்.

பதில்: அது திரும்பும் பையையே ஆதாரமாக எடுத்து, படங்களை நகர்த்தியும் வளைத்தும் ஒத்துப்போக வைக்கப் பார்க்கிறது. பை திரும்பத்தானே வேண்டும்? அதை நீக்கிவிடுங்கள். குதிப்புக்கு வழக்கமான காரணம், ஒவ்வொரு படத்தையும் தனியாக வெட்டுவது அல்லது `-trim` போடுவது. முழுச் சட்டத்திலேயே அழித்து முடித்து, கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் வெட்டுங்கள்.

வெட்டுவதற்கு முன், அழித்த படத்தை, பிளேட் ஒட்டுவதற்கு முந்தைய அதே படத்தின் மேல் வைத்து Difference மோடில் பாருங்கள். மாஸ்க்குக்கு வெளியே முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். பையின் விளிம்பு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் அந்தப் படம் நகர்ந்திருக்கிறது.